டெபாசிட் ரசீதில் இருப்பது தனி வட்டியா, கூட்டு வட்டியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பா நெல் போட்ட பணத்தில் நானும் தம்பியும் ஒரே நாளில், ஒரே வங்கியில் ஆளுக்கு 2 லட்சம் டெபாசிட் போட்டோம். இருவருக்கும் 7 சதவீதம், 3 வருடம். என் ரசீதில் முதிர்வுத் தொகை 2,46,288 என்றும், தம்பி ரசீதில் வெறும் 2,00,000 என்றும் இருக்கிறது. வங்கி தப்பாகப் போட்டுவிட்டதா சார்?

இரண்டு ரசீதும் சரியானவைதான். நீங்கள் எடுத்திருப்பது வட்டியை முதலோடு சேர்த்துக்கொண்டே போகும் டெபாசிட். வங்கிப் படிவங்களில் இதைக் குமுலேட்டிவ் என்றோ மறுமுதலீட்டு வைப்பு என்றோ குறித்திருப்பார்கள். தம்பி எடுத்திருப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைச் சேமிப்புக் கணக்கில் வரவு வைத்துவிடும் டெபாசிட். அவருடைய வட்டி அவ்வப்போது அவர் கைக்கு வந்துவிடுவதால், முடிவில் திரும்பி வருவது போட்ட முதல் மட்டுமே. ஆகவே அந்த ரசீதில் முதிர்வுத் தொகை 2,00,000 என்று அச்சாகிறது.

நான் காவிரிக் கரை ஊர்களின் வங்கிக் கிளைகளில் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், தை, மாசி மாதங்களில் கொள்முதல் நிலையத்துப் பணம் கணக்கில் ஏறியவுடன் டெபாசிட் போட வருகிறவர்களிடம் படிவத்தில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி இதுதான்: வட்டி எப்போது வேண்டும்? பலர் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கவுண்டரில் இருப்பவர் தமக்குத் தோன்றியதை டிக் அடித்துவிடுவார். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த 46,288 எப்படி வந்தது? கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன்.

முதலில் தம்பியின் கணக்கைப் பார்ப்போம், அதுதான் எளிது. 2,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் 14,000 ரூபாய். காலாண்டுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 3,500 ரூபாய். முதல் காலாண்டிலும் 3,500, பன்னிரண்டாவது காலாண்டிலும் அதே 3,500. முதல் மாறாததால் வட்டியும் மாறுவதில்லை. மூன்று ஆண்டில் மொத்தம் 42,000 ரூபாய். இதுதான் தனி வட்டி.

உங்கள் கணக்கில் முதல் மூன்று மாத முடிவில் வருவதும் அதே 3,500 ரூபாய்தான். ஆனால் அது வெளியே போகாமல் முதலோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே இரண்டாவது காலாண்டு 2,03,500 ரூபாயில் தொடங்குகிறது, அதற்கு 1.75 சதவீதம் போட்டால் 3,561 ரூபாய் 25 காசு. கூடுதலாக வந்த 61 ரூபாய் 25 காசுதான் வட்டிக்கு வந்த வட்டி. இதையும் சேர்த்தால் மூன்றாவது காலாண்டின் தொடக்கத்தில் 2,07,061 ரூபாய் 25 காசு. அதன் வட்டி 3,623 ரூபாய் 57 காசு. நான்காவதில் 3,686 ரூபாய் 98 காசு. ஓராண்டு முடியும்போது உங்கள் கணக்கில் 2,14,372 ரூபாய் நிற்கும். தம்பிக்கு இதே ஓராண்டில் வந்தது 14,000. உங்களுக்கு ஏறியது 14,372. வித்தியாசம் 372 ரூபாய்தான். ஒரு மூட்டை டிஏபி உரத்துக்கும் காணாது.

பலன் பின்னால்தான் தெரியும். இரண்டாம் ஆண்டில் உங்களுக்கு ஏறுவது 15,405 ரூபாய், மூன்றாம் ஆண்டில் 16,511 ரூபாய். மூன்றையும் கூட்டினால் 46,288. கூட்டு வட்டியால் வந்த அதிகம் 4,288 ரூபாய். காலம் நீளமானால் இந்த இடைவெளி வேகமாக விரியும். இதே தொகை, இதே வட்டி, 5 ஆண்டு என்றால் வித்தியாசம் 12,956 ரூபாய். 10 ஆண்டு என்றால் 60,319 ரூபாய். 7 சதவீதத்தில் காலாண்டுக் கூட்டு வட்டி ஓடும் பணம் ஏறக்குறைய 10 ஆண்டில் இரட்டிப்பாகும். தனி வட்டியில் அதற்கு 14 ஆண்டுக்கு மேல் ஆகும்.

கணினியிலோ கைபேசியிலோ விரிதாள் இருந்தால், ஒரு கட்டத்தில் இதை அப்படியே தட்டிப் பாருங்கள்:

```
=200000*(1+7/400)^12
```

இதில் 7 என்பது ஆண்டு வட்டி, 12 என்பது மொத்தக் காலாண்டுகள். ஆண்டில் நான்கு காலாண்டு இருப்பதால் 100-க்குப் பதிலாக 400-ஆல் வகுக்கிறோம். சாதாரணக் கால்குலேட்டர்தான் இருக்கிறது என்றால், 2,00,000-ஐ 1.0175-ஆல் பன்னிரண்டு முறை பெருக்கினால் அதே விடை வரும்.

அப்படியானால் தம்பிக்கு 4,288 ரூபாய் நஷ்டம்தானே?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. தம்பியின் 3,500 ரூபாய் அவர் கையில் இருந்தது. அதை வைத்து அவர் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டியிருந்தால், அல்லது நாற்றங்கால் செலவுக்கு வெளியே கடன் வாங்காமல் சமாளித்திருந்தால், அந்தப் பணம் 7 சதவீதத்துக்கு மேலேயே சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. சேமிப்புக் கணக்கிலேயே எடுக்காமல் கிடந்தது என்றால்தான் இழப்பு. காரணம், அங்கே அதற்குக் கிடைப்பது டெபாசிட் வட்டியில் பாதிகூட இராது.

வேறு ஒரு சொசைட்டியில் போட்ட ரசீதும் கையில் இருக்கிறது. அதில் கூட்டு வட்டி என்று எங்கேயும் எழுதவில்லை. பார்த்தவுடன் கண்டுபிடிக்க வழி உண்டா?

ரசீதில் எழுத்தைத் தேடுவதைவிட எண்ணைப் பார்ப்பதே நம்பகமானது. முதல், வட்டி விகிதம், காலம், முதிர்வுத் தொகை ஆகிய நான்கும் எந்த ரசீதிலும் இருக்கும். முதல் மூன்றை வைத்து நீங்களே கணக்குப் போட்டு, நான்காவதோடு ஒத்துப் பாருங்கள்.

2 லட்சம், 7 சதவீதம், 3 ஆண்டு என்ற அதே உதாரணத்தில் நான்கு விடைகள் வரலாம். முதிர்வுத் தொகை 2,00,000 என்று இருந்தால், வட்டி இடையிடையே உங்களுக்குத் தரப்படுகிறது. 2,46,288 என்று இருந்தால் காலாண்டுக் கூட்டு வட்டி. 2,45,009 என்று இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வட்டியை முதலில் சேர்க்கிறார்கள். கூட்டு வட்டிதான் என்றாலும் 1,279 ரூபாய் குறைகிறது. 2,42,000 என்று இருந்தால்தான் உட்கார்ந்து பேச வேண்டும். மூன்று ஆண்டும் வட்டியைக் கையில் தராமல் தாங்களே வைத்திருந்து, அந்த வட்டிக்கு ஒரு காசும் தராமல் கடைசியில் கொடுப்பதாக அதற்குப் பொருள். தனி வட்டியின் பாதகமும் பணம் முடங்கிக் கிடக்கும் பாதகமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 6 மாதத்துக்குக் குறைந்த டெபாசிட்டுகளுக்கு வங்கிகளே பொதுவாகத் தனி வட்டிதான் கணக்கிடுகின்றன. அதேபோல 400 நாள் போன்ற கணக்கில் முழுக் காலாண்டுகள் போக மிஞ்சும் நாட்களுக்கு, அதுவரை சேர்ந்த தொகையின் மேல் நாள் கணக்கில் தனி வட்டி போடுவார்கள். உங்கள் விடைக்கும் ரசீதுக்கும் சில ரூபாய் வேறுபட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்; ஆயிரக்கணக்கில் வேறுபட்டால் இது காரணமாக இருக்க முடியாது.

மாத வட்டி கேட்டு 2 லட்சம் போட்டேன். 14,000-ஐ 12-ஆல் வகுத்தால் 1,166 ரூபாய் 67 காசு வர வேண்டும். பாஸ்புக்கில் 1,160 தான் ஏறுகிறது. மாதம் 7 ரூபாய் யார் எடுக்கிறார்கள்?

யாரும் எடுக்கவில்லை. வங்கி ஒப்புக்கொண்டது காலாண்டு முடிவில் 3,500 ரூபாய் தருவதாக. நீங்கள் அதன் முதல் பங்கை இரண்டு மாதம் முன்னதாகவும், இரண்டாவது பங்கை ஒரு மாதம் முன்னதாகவும் வாங்கிக்கொள்கிறீர்கள். முன்னதாகத் தருவதற்கு ஈடாகச் சிறிது கழித்துக் கொடுப்பது வழக்கம். நீங்கள் வாங்கும் 1,160 ரூபாயை அதே விகிதத்தில் வட்டிக்கு விட்டுக்கொண்டே வந்தால், காலாண்டு முடிவில் சரியாக 3,500 ஆகும்படி அந்தத் தொகையை நிர்ணயித்திருக்கிறார்கள். கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போட்ட கணக்கு இது.

எங்கள் ஊரில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, ஒன்றரை ரூபாய் வட்டி என்றுதான் பேசுவோம். அந்தப் பேச்சில் வங்கியின் 7 சதவீதம் எவ்வளவு?

நூற்றுக்கு 58 காசு. ஊர்ப்பேச்சில் சொல்வது மாத வட்டி. நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம், ஒன்றரை என்றால் 18 சதவீதம். வங்கி சொல்வது ஆண்டு வட்டி. பிராநோட்டுக் கடனில் பெரும்பாலும் தனி வட்டிதான் ஓடும். ஆனால் நோட்டை மாற்றி எழுதும்போது பாக்கி வட்டியையும் முதலில் சேர்த்து எழுதிவிட்டால், அன்றிலிருந்து அது கூட்டு வட்டிதான், யாரும் அந்தப் பெயரைச் சொல்லாவிட்டாலும்.

ஒரு நிதி நிறுவனத்தின் நோட்டீஸில் "ஆண்டு ஈட்டம் 10 சதவீதம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே வட்டி விகிதம் 7 சதவீதம் என்று இருக்கிறது. எதை நம்புவது?

கீழே உள்ள 7-ஐ. மேலே உள்ள 10 எப்படி வருகிறது என்று பாருங்கள். 2 லட்சம் ரூபாய் 7 சதவீதக் காலாண்டுக் கூட்டு வட்டியில் 10 ஆண்டில் 4,00,319 ரூபாய் ஆகிறது. மொத்த வட்டி 2,00,319; அதை 10 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்கு 20,032; அது போட்ட 2 லட்சத்தில் 10 சதவீதம். வகுத்தல் சரிதான். ஆனால் கூட்டு வட்டியாக வளர்ந்த தொகையைத் தனி வட்டி போல வகுத்துக் காட்டுகிறார்கள். இப்படி வகுத்தால் காலம் நீள நீள "ஈட்டம்" ஏறிக்கொண்டே போகும், வட்டி விகிதம் ஒரு புள்ளிகூட ஏறாமலே. 3 ஆண்டுக்கு இதே 7 சதவீதத்தை 7.71 என்று காட்டலாம்.

நியாயமான ஒப்பீட்டு எண் ஒன்று உண்டு. ஓராண்டில் 100 ரூபாய் எத்தனை ரூபாய் ஆகிறது என்பதே அது. நம் கணக்கில் 107 ரூபாய் 19 காசு. ஆகவே 7 சதவீதக் காலாண்டுக் கூட்டு வட்டியின் உண்மையான ஆண்டுப் பலன் 7.19 சதவீதம். அதற்கு மேல் சொல்லப்படும் எண்களை விளம்பரமாகவே எடுத்துக்கொள்வேன்.

ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. குறுவைக்குத் தண்ணீர் திறக்கப் போகிறார்கள், கையில் 50,000 வேண்டும். டெபாசிட்டை உடைத்தால் எவ்வளவு வரும்?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12 நெருங்கும்போது கவுண்டரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. உடைத்தால் 7 சதவீதம் கிடைக்காது. டெபாசிட் போட்ட அன்று, உண்மையில் ஓடிய காலத்துக்கு வங்கி அறிவித்திருந்த விகிதம் எது என்று பார்த்து, அதிலிருந்து அபராதம் கழிப்பார்கள். அந்த விகிதம் 6.75 என்றும் அபராதம் ஒரு சதவீதம் என்றும் வைத்துக்கொண்டால், உங்களுக்குக் கிடைப்பது 5.75 சதவீதம்.

கூட்டு வட்டி ரசீது வைத்திருக்கும் உங்களுக்கு ஆறு காலாண்டு முடிவில் 7 சதவீதப்படி 2,21,940 ரூபாய் சேர்ந்திருக்கும். 5.75 சதவீதப்படி திரும்பக் கணக்கிட்டால் 2,17,882 ரூபாய். உடைத்த அன்றே போவது 4,058 ரூபாய். மூன்று ஆண்டு முழுவதும் காத்திருந்தால் கூட்டு வட்டி தந்திருக்கும் அதிகம் 4,288 தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி உடைத்தால் அவருக்கு வேறு மாதிரி அதிர்ச்சி இருக்கிறது. அவர் ஏற்கனவே ஆறு காலாண்டுக்கு 3,500 வீதம் 21,000 ரூபாய் வாங்கிவிட்டார். 5.75 சதவீதப்படி அவருக்குச் சேர வேண்டியது காலாண்டுக்கு 2,875 வீதம் 17,250 தான். அதிகமாகக் கொடுத்த 3,750 ரூபாயை முதலிலிருந்து பிடித்துக்கொண்டு 1,96,250 ரூபாய் கொடுப்பார்கள். போட்ட முதலே குறைந்துவிட்டதே என்று சண்டைக்கு வந்த ஒரு பெரியவரை உட்காரவைத்து, அவருடைய பாஸ்புக்கில் ஏறிய ஒவ்வொரு வட்டி வரவையும் பென்சிலால் வட்டமிட்டுக் காட்ட எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ரசீது கொடுத்த அன்றே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

50,000 ரூபாய்க்காக 2 லட்சத்தையும் உடைக்க வேண்டியதில்லை. ரசீதின் மேலேயே கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டிக்கு மேல் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வைத்து வங்கிகள் தருகின்றன. 9 சதவீதத்தில் 50,000 ரூபாயை ஆறு மாதம் வைத்திருந்து, குறுவை நெல் போட்டதும் கட்டிவிட்டால், வட்டி 2,250 ரூபாய். அதே ஆறு மாதத்தில் உங்கள் டெபாசிட்டில் அந்த 50,000 ரூபாய்ப் பங்கு மட்டும் 1,750 ரூபாய்க்குக் குறையாமல் சம்பாதித்திருக்கும். நிகரச் செலவு ஏறத்தாழ 500 ரூபாய். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் கடனைக் கட்டாமல் முதிர்வு வரை ஓடவிட்டால், அங்கே கூட்டு வட்டி உங்களுக்கு எதிராக ஓடும்.

அம்மாவின் ரசீதில் போட்டிருந்த முதிர்வுத் தொகையைவிடச் சில ஆயிரம் குறைவாகக் கொடுத்தார்கள். உடைக்கவே இல்லையே?

பெரும்பாலும் வருமான வரிப் பிடித்தம் காரணமாக இருக்கும். கூட்டு வட்டி டெபாசிட்டில் வட்டி கைக்கு வராவிட்டாலும், ஒவ்வொரு நிதியாண்டிலும் அது சேர்ந்ததாகவே கொள்ளப்படும். ஒரே வங்கியில் உள்ள எல்லா டெபாசிட்டுகளின் ஆண்டு வட்டியும் சேர்ந்து 50,000 ரூபாயைத் தாண்டினால், 60 வயது நிறைந்தவர்களுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால், 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காதிருந்தால் 20 சதவீதம். இந்த வரம்புகள் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளவை. பிடித்த தொகையை டெபாசிட்டிலிருந்தே எடுத்துவிட்டால், அந்தத் தொகையோடு அதற்கு மேல் வளர்ந்திருக்க வேண்டிய வட்டியும் குறையும்.

அம்மாவுக்கு வரி கட்டும் அளவு வருமானம் இல்லை என்றால், ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிட வேண்டும். ஒருமுறை கொடுத்தால் போதும் என்று நினைத்து இரண்டாம் ஆண்டு விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. பிடித்த பணம் போய்விடவில்லை. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

போஸ்ட் ஆபீஸ் டெபாசிட்டும் கூட்டு வட்டிதானே?

பாதி வழி மட்டும். அஞ்சலக டெபாசிட்டில் வட்டியைக் காலாண்டுக் கூட்டு முறையில் கணக்கிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை தருகிறார்கள். 7.5 சதவீதம் என்றால் 10,000 ரூபாய்க்கு ஆண்டு வட்டி 750 அல்ல, 771 ரூபாய். ஆனால் அந்த 771-ஐ எடுக்காமல் விட்டுவைத்தால் அதற்கு மேல் வட்டி கிடையாது. அடுத்த ஆண்டு மறுபடியும் அதே 10,000 ரூபாயிலிருந்துதான் கணக்குத் தொடங்கும். ஆகவே அங்கே போட்டவர்கள் ஆண்டு வட்டியை வந்தவுடன் எடுத்து வேறு எதிலாவது போடுவது நல்லது.

முதிர்வுத் தேதி அறுவடை நேரத்தில் வந்தது, ஆறு மாதம் கழித்துத்தான் வங்கிக்குப் போனேன். அந்த ஆறு மாதத்துக்கும் 7 சதவீதம் உண்டா?

டெபாசிட் போடும்போதே தானாகப் புதுப்பிக்கும்படி எழுதிக் கொடுத்திருந்தால், முதிர்ந்த நாளில் உள்ள விகிதத்தில் அது புதிய டெபாசிட்டாக ஓடியிருக்கும். எழுதிக் கொடுக்காமல் சும்மா கிடந்திருந்தால், ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை அறிவிப்பின்படி, சேமிப்புக் கணக்கு வட்டி, பழைய டெபாசிட் வட்டி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். சேமிப்பு வட்டி 2.5 சதவீதம் என்று கொண்டால், உங்கள் 2,46,288 ரூபாய்க்கு அந்த ஆறு மாதத்தில் வருவது 3,079 ரூபாய். 7 சதவீதத்தில் புதுப்பித்திருந்தால் 8,696 ரூபாய் வந்திருக்கும். இதனால் இழந்தது 5,617 ரூபாய். மூன்று ஆண்டுக் கூட்டு வட்டி உங்களுக்குத் தந்த 4,288-ஐவிட அதிகம்.